பேக்கிங் சோடாவா, பேக்கிங் பவுடரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெண்டுமே வெள்ளைப் பொடிதானே, அப்படி என்ன வித்தியாசம்?

பேக்கிங் சோடா ஒரே ஒரு பொருள்: சோடியம் பைகார்பனேட். அதோடு ஏதாவது புளிப்பு, அதாவது அமிலம், ஈரத்தில் சேரும்போது கரியமில வாயு வெளிவரும். அந்த வாயுக் குமிழிகள்தான் மாவைத் தூக்கிவிடுகின்றன. புளிப்பு வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். சோடாவிடம் அது இல்லை.

பேக்கிங் பவுடர் ஒரு கலவை. அதில் அதே சோடாவும் இருக்கிறது, அதற்குத் தேவையான புளிப்பும் காய்ந்த பொடியாக இருக்கிறது. இரண்டும் டப்பாவுக்குள்ளேயே ஒன்றோடொன்று வினை புரிந்துவிடாமல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள சோள மாவு போன்ற ஒரு மாவுப்பொருளும் சேர்த்திருப்பார்கள். தண்ணீரோ பாலோ பட்டால் போதும், வேலை தொடங்கிவிடும்.

ஆக, எதைப் போடுவது என்று முடிவு செய்ய ரெசிபியில் புளிப்பு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்தக் கணக்கைச் சுற்றித்தான் போகும்.

புளிப்பே இல்லாம சோடா மட்டும் போட்டா ஓவன் சூட்டுல பொங்காதா?

பொங்கும். ஆனால் அந்த வழி நல்லதல்ல. சோடா சூட்டிலேயே சிதையக்கூடியதுதான். 80 டிகிரி செல்சியஸை ஒட்டி மெல்லத் தொடங்கி, சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும். ஆனால் இப்படிச் சிதையும்போது, புளிப்போடு சேர்ந்தால் கிடைக்கும் வாயுவில் பாதிதான் கிடைக்கும். மீதி சோடியம் கார்பனேட்டாக மாறி மாவிலேயே தங்கிவிடும். அது சோடாவைவிடக் கடுமையான காரப் பொருள், அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணம் உள்ளது. கேக்கில் வரும் அந்தச் சோப்புச் சுவைக்குக் காரணம் இதுதான்.

அப்படிப்பட்ட கேக்கைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். உள்ளே வேகுமுன் மேல்புறம் கருஞ்சிவப்பாகிவிடும். வெட்டினால் உட்புறம் வெள்ளையாக இல்லாமல் லேசான மஞ்சள் சாயலில் இருக்கும். வாயில் போட்டதும் இனிப்புதான் தெரியும். விழுங்கிய பிறகு நாக்கின் மேல் வழவழவென்று ஒரு படலம் தங்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் புளிப்பு போதவில்லை அல்லது சோடா அதிகமாகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

எந்தெந்தப் பொருள்ல புளிப்பு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாம் நாக்குக்கே தெரியும். நாக்குக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவைதான் ஆளை ஏமாற்றும். தேன் இனிக்கும், ஆனால் அமிலத்தன்மை உள்ளது. வெல்லப்பாகின் அம்சம் கலந்த பழுப்புச் சர்க்கரையும் அப்படியே. பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் கூழ், காரமேற்றாத சாதாரண கோகோ ஆகியவற்றிலும் கொஞ்சம் புளிப்பு உண்டு.

பால், தண்ணீர், வெண்ணெய், எண்ணெய், வெள்ளைச் சர்க்கரை ஆகியவற்றைப் புளிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முட்டையையும் சேர்க்காதீர்கள். அதன் வெள்ளைக்கரு காரத்தன்மை உடையது.

ரெசிபியில் இந்த இரண்டாவது வகைப் பொருட்கள் மட்டுமே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பேக்கிங் பவுடர்தான்.

சரி, எவ்வளவு மாவுக்கு எவ்வளவு போடணும்? ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

240 மில்லி கப்பையும் 5 மில்லி டீஸ்பூனையும் வைத்துச் சொல்கிறேன். ஒரு கப் மைதா ஏறக்குறைய 125 கிராம். அதைத் தூக்க பேக்கிங் பவுடர் என்றால் 1 டீஸ்பூன், அதிகம் போனால் ஒன்றேகால். சோடா என்றால் கால் டீஸ்பூன். பேக்கிங் பவுடரின் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் சோடா, மற்றதெல்லாம் புளிப்புப் பொடியும் மாவும். அதனால் சோடா மூன்று நான்கு மடங்கு வீரியமானது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது புளிப்பின் பக்கம். அரை டீஸ்பூன் சோடாவை அடக்க ஒரு கப் தயிரோ மோரோ வேண்டும். எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் என்றால், கால் டீஸ்பூன் சோடாவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி.

இப்போது ஒரு கேக்கை எடுத்துக்கொள்வோம். 2 கப் மைதா, 1 கப் சர்க்கரை, 2 முட்டை, அரை கப் எண்ணெய், 1 கப் தயிர். இரண்டு கப் மாவைத் தூக்க அரை டீஸ்பூன் சோடா தேவை. ஒரு கப் தயிர் அடக்கக்கூடியதும் சரியாக அரை டீஸ்பூன்தான். கணக்கு நேராகிவிட்டது, பேக்கிங் பவுடருக்கு வேலையே இல்லை. கேக்கில் சோடாவும் தெரியாது, தயிர்ப் புளிப்பும் பெரிதாகத் தெரியாது.

வீட்டில் அரை கப் தயிர்தான் இருக்கிறது, மீதி அரை கப்புக்குப் பால் ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போதும் அரை டீஸ்பூன் சோடா போட்டால் அதில் பாதிக்குத்தான் புளிப்பு கிடைக்கும், மீதி சோப்பாகும். ஆகவே சோடாவைக் கால் டீஸ்பூனாகக் குறைக்க வேண்டும். அது ஒரு கப் மாவைத் தூக்கும். மிச்சமுள்ள ஒரு கப் மாவுக்கு 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர். தயிரே இல்லை, முழுக்கப் பால்தான் என்றால் சோடாவை அடியோடு விட்டுவிட்டு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுங்கள்.

ஒரே கேக், மூன்று விதமான விடை. மாவு, சர்க்கரை, முட்டை எதுவும் மாறவில்லை. ஊற்றும் திரவம் மாறியதுதான் காரணம். ஏதாவது ஒரு ரெசிபியில் தயிரைப் பாலாக மாற்றுபவர்கள் சோடாவை மட்டும் அப்படியே விட்டுவிடுவதால்தான் கெடுகிறது.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. தயிரின் புளிப்பு நாளுக்கு நாள் மாறும். அன்று உறைந்த இனிப்புத் தயிரில் புளிப்பு குறைவு, இரண்டு நாள் ஆனதில் கூடுதல். புதுத் தயிராக இருந்தால் சோடாவை ஒரு சிட்டிகை குறைத்துக்கொள்வது நல்லது. கொஞ்சம் குறைந்தால் கேக் ஒரு விரல்கடை தாழ்வாக வரும், அவ்வளவுதான். கூடினால் சுவையே போய்விடும். அதனால் சந்தேகம் வரும்போது குறைக்கும் பக்கமே சாயுங்கள்.

சில ரெசிபியில சோடா, பவுடர் ரெண்டுமே இருக்கே, அது ஏன்?

பெரும்பாலும் மேலே பார்த்த அரை கப் தயிர் கதைதான். இருக்கிற புளிப்பு கொஞ்சம் சோடாவை மட்டுமே அடக்கும், அது மட்டும் முழு மாவையும் தூக்காது. மீதியைப் பவுடர் ஏற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, இது சுவையைப் பற்றியது. மோர் அல்லது எலுமிச்சை சேர்த்த பண்டத்தில் அந்தப் புளிப்பு நாக்கில் தெரிய வேண்டும் என்று செய்பவர் விரும்பலாம். புளிப்பு முழுவதையும் சோடாவால் அடக்கிவிட்டால் அது காணாமல் போய்விடும். அதனால் வேண்டுமென்றே சோடாவைக் குறைத்து, தூக்கும் வேலையைப் பவுடரிடம் விடுவார்கள். எலுமிச்சைக் கேக்கில் எலுமிச்சை மணம் இருந்தும் புளிப்பு இல்லாமல் சப்பென்று இருந்தால், சோடாவின் அளவை முதலில் சந்தேகப்படுங்கள்.

சில நேரம் நிறத்துக்காகவும் ஒரு சிட்டிகை சோடா சேர்ப்பதுண்டு. அதைக் குக்கீ பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஒண்ணு தீர்ந்துபோச்சு, இன்னொண்ணை வச்சு சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். ஆனால் இரண்டு திசையிலும் ஒரே எளிமை கிடையாது.

பவுடர் இல்லை, சோடா இருக்கிறது என்றால், ஒவ்வொரு டீஸ்பூன் பவுடருக்கும் கால் டீஸ்பூன் சோடா எடுங்கள். அதோடு புளிப்பையும் நீங்களே கொடுக்க வேண்டும். கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புப் பொடி இருந்தால் அரை டீஸ்பூன் சேர்த்தால் போதும், திரவத்தைத் தொட வேண்டியதில்லை. இல்லாவிட்டால் ரெசிபியில் உள்ள பாலில் அரை கப்பை எடுத்துவிட்டு அரை கப் தயிரோ மோரோ ஊற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு ஊற்றி, அதே அளவு பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் திரவம் மாறக் கூடாது, இல்லாவிட்டால் மாவு தளர்ந்துவிடும்.

சோடா இல்லை, பவுடர் இருக்கிறது என்றால், அரை டீஸ்பூன் சோடாவுக்குப் பதில் ஒன்றரை முதல் 2 டீஸ்பூன் பவுடர். கேக் எழும்பும். ஆனால் பவுடர் தன் புளிப்பைத் தானே கொண்டு வருவதால் ரெசிபியில் உள்ள தயிரின் புளிப்பு அடங்காமல் அப்படியே நிற்கும், நிறமும் வெளுத்தே வரும். அது பிடிக்காது என்றால் தயிரையும் பாலாக மாற்றிவிடுங்கள். ரெசிபி ஒரு டீஸ்பூனுக்கு மேல் சோடா கேட்டால் நான் இந்த மாற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு டீஸ்பூன் பவுடர் போட்டால் அதன் கசப்பு கட்டாயம் நாக்கில் தெரியும். அன்றைக்கு வேறொன்றைச் செய்யுங்கள்.

டப்பாவுல 'டபுள் ஆக்டிங்'னு போட்டிருக்கு. அப்படின்னா?

வாயு இரண்டு தவணையாக வரும் என்று பொருள். முதல் தவணை, ஈரம் பட்டவுடன். இரண்டாவது, ஓவனின் சூடு ஏறியபின். இதற்காக இரண்டு விதப் புளிப்புப் பொடிகளைச் சேர்க்கிறார்கள். மோனோகால்சியம் பாஸ்பேட் ஈரம் பட்டதும் வேகமாக வேலை செய்யும். சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட் அல்லது சோடியம் அலுமினியம் சல்பேட் சூட்டுக்காகக் காத்திருக்கும். அலுமினியம் சேர்ந்த வகையில் சிலருக்கு ஒரு உலோக வாடை தெரியும். அப்படித் தெரிந்தால் டப்பாவின் பின்புறம் படித்து, அலுமினியம் இல்லாததாக மாற்றிக்கொள்ளலாம்.

நடைமுறையில் இதன் பயன் நேர அவகாசம். டபுள் ஆக்டிங் பவுடர் போட்ட மாவு ஒரு கால் மணி நேரம் காத்திருந்தாலும் பெரிதாகக் கெடாது. சோடாவும் தயிரும் சேர்ந்த மாவு அப்படியல்ல. கலந்த நொடியே குமிழி கிளம்பி, அதில் ஒரு பங்கு காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். எனவே சோடாவை நம்பிச் செய்யும்போது ஓவனைச் சூடாக்கி, டின்னில் எண்ணெய் தடவி வைத்துவிட்டுத்தான் ஈரத்தையும் உலர்ந்த மாவையும் சேர்க்க வேண்டும். சோடாவும் கிரீம் ஆஃப் டார்ட்டரும் கலந்து வீட்டிலேயே செய்யும் பவுடருக்கும் இந்த அவசரம் பொருந்தும்.

பேக்கிங் பவுடரின் தொடக்கமும் சுவையான செய்திதான். 1843இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்தாளுநர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக ஈஸ்ட் இல்லாமலே ரொட்டி எழும்ப வழி தேடி ஒரு பவுடரை உருவாக்கினார். பின்னர் அமெரிக்காவில் ஈபன் ஹார்ஸ்ஃபோர்ட் என்ற வேதியியலாளர்தான் மோனோகால்சியம் பாஸ்பேட்டை இதற்குள் கொண்டு வந்தார்.

குக்கீக்கு எது நல்லது?

உங்களுக்கு எப்படிப்பட்ட குக்கீ பிடிக்கும் என்பதைப் பொறுத்தது. இங்கே சோடா மாவைத் தூக்குவதோடு நிற்பதில்லை, மாவின் குணத்தையே மாற்றுகிறது.

சோடா மாவைக் காரத்தன்மைப் பக்கம் நகர்த்தும். அந்த நிலையில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவக்கும் வினை வேகம் பிடிக்கும். மாவின் பிடிப்பும் தளர்வதால் உருண்டை ஓவனில் நன்றாகப் பரவும். விளைவு: அகலமாக, ஓரம் மொறுமொறுப்பாக, நல்ல பழுப்பு நிறத்தில் ஒரு குக்கீ. பழுப்புச் சர்க்கரை போட்ட சாக்லேட் சிப் குக்கீகளில் சோடாவே வழக்கமாக இருப்பதற்கு இது காரணம். கேக்கில் குறையாகும் அந்தக் கூடுதல் சிவப்பு, இங்கே நாம் கேட்டு வாங்குவது. சர்க்கரையும் வெண்ணெயும் அதிகம் இருப்பதால் கொஞ்சம் அடங்காத சோடாவும் தெரியாமல் போகும்.

பவுடர் போட்டால் மாவு நடுநிலையிலேயே இருக்கும். குக்கீ பக்கவாட்டில் பரவாமல் மேல் நோக்கி உப்பும், வெளுப்பாகவும் மெத்தென்றும் வரும். அச்சில் வெட்டி வடிவம் மாறாமல் எடுக்க வேண்டும் என்றால் பவுடரைக் குறைவாகப் போடுங்கள். சோடா வேண்டாம்.

ஐயம் இருந்தால் ஒரே மாவை இரண்டாகப் பிரித்து ஒன்றில் சோடா, ஒன்றில் பவுடர் போட்டு ஒரே தட்டில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது புரிவது மாதிரி எந்த விளக்கத்திலும் புரியாது.

சாக்லேட் கேக்குக்கு ஒரு ரெசிபில சோடா, இன்னொண்ணுல பவுடர். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம், கோகோதான் வேறு. சாதாரண கோகோவில் இயல்பாகவே புளிப்பு உண்டு, அதனால் சோடாவோடு ஒத்துப்போகும். டச்சு முறைக் கோகோவில் காரப் பொருள் சேர்த்து அந்தப் புளிப்பை ஏற்கெனவே அடக்கியிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் வான் ஹவுட்டன் கொண்டு வந்த முறை அது. நிறம் அடர்த்தியாக, சுவை மென்மையாக இருக்கும். அதற்குப் பவுடர்தான் ஏற்றது, வேறு புளிப்பு எதுவும் ரெசிபியில் இல்லை என்றால்.

எந்தக் கோகோ என்று தெரியவில்லையா? பொருட்களின் பட்டியலில் காரமேற்றியது என்றோ அமிலத்தன்மை சீராக்கி என்றோ இருந்தால் டச்சு வகை.

கேக் நல்லா எழும்பி, நடுவுல பள்ளமாகிடுச்சு. அடுத்த தடவை பவுடர் கூட்டவா?

கூட்டாதீர்கள், குறையுங்கள். இது பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம். வாயு தேவைக்கு மேல் வந்தால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேலே மிதந்து வெடிக்கும். சுற்றியுள்ள மாவு வெந்து கெட்டிப்படும் முன்பே காற்று போய்விடுவதால் நடுப்பகுதி உட்காரும். வெட்டிப் பார்த்தால் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும்.

எழும்பவே இல்லை, அடர்த்தியாகப் பிசுக்கென்று இருக்கிறது என்றால் அதுதான் குறைவு, அல்லது பொடி பழசு. இன்னொன்று: ஓவனை இடையில் திறந்தாலும், வேகும் முன் வெளியே எடுத்தாலும் பள்ளம் விழும். ஆகவே முதலில் மாவுக்கும் பவுடருக்கும் உள்ள விகிதத்தைச் சரிபாருங்கள். கப்புக்கு ஒன்றேகால் டீஸ்பூனைத் தாண்டியிருந்தால் குற்றவாளி அதுதான். விகிதம் சரியாக இருந்தால் ஓவன் பக்கம் பாருங்கள். உங்கள் மாவே பவுடர் கலந்த செல்ஃப் ரைசிங் வகையா என்பதையும் பையில் படித்துவிடுங்கள்.

கேக்குக்குள்ள அங்கங்க பழுப்புப் புள்ளி, அந்த இடம் மட்டும் கசக்குது.

சோடா கட்டி சரியாகக் கரையவில்லை. டப்பாவில் ஈரம் பட்டுச் சின்னச் சின்னக் கட்டியானதை அப்படியே அள்ளிப் போட்டால் இப்படி ஆகும். கட்டியை விரலால் நசுக்கி, மைதாவோடு சேர்த்து இரண்டு முறை சலித்துவிடுங்கள். நீலப் பெர்ரிப் பழங்களைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் அது வேறு. சோடா அதிகமான மாவில் அந்தப் பழத்தின் நிறமி மாறுவது அது. சாப்பிடலாம், ஆனால் அடுத்த முறை சோடாவைக் குறைக்கச் சொல்லும் அடையாளம்.

பழைய டப்பாவுல இன்னும் வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்கறது?

இரண்டுக்கும் சோதனை வேறு. சோடாவில் கால் டீஸ்பூன் எடுத்து மேலே கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள், உடனே சீறிப் பொங்க வேண்டும். பவுடருக்கு வினிகர் வேண்டாம். அதிலுள்ள சோடா வினிகரைக் கண்டதும் எப்படியும் பொங்கிவிடும், பவுடரின் சொந்தப் புளிப்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. அரை டீஸ்பூன் பவுடரில் கால் கப் வெந்நீரை ஊற்றிப் பாருங்கள். நுரை பொங்கி எழுந்து சில நொடிகள் நின்றால் நல்லது. ஓரமாக நாலைந்து குமிழி மட்டும் வந்து ஓய்ந்தால் தூக்கிப் போடுங்கள்.

மூடி இறுக்கமாக இருந்தால் சோடா நெடுநாள் தாங்கும், ஆனால் அக்கம்பக்கத்து வாடையை இழுத்துக்கொள்ளும். பவுடர் திறந்தபின் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரைதான். கொதிக்கும் பாத்திரத்தின் ஆவிக்கு மேலே டப்பாவைப் பிடித்துக்கொண்டு அள்ளினால் அதைவிடச் சீக்கிரம் போய்விடும். ஈரக் கரண்டியும் அப்படியே.

சமையல் சோடா, பேக்கிங் சோடா, வாஷிங் சோடா எல்லாம் ஒண்ணுதானா?

சமையல் சோடாவும் பேக்கிங் சோடாவும் ஒன்றுதான். சிலர் சோடா உப்பு என்றும் சொல்வார்கள். வாஷிங் சோடா, அதாவது சலவை சோடா, சோடியம் கார்பனேட். அது துணிக்கு, வாயில் படக் கூடாது. சமையலறையில் பெயர் ஒட்டாத டப்பாவில் அதை வைக்கவே வைக்காதீர்கள்.

உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க. இதுல உப்பு உண்டா?

சாப்பாட்டு உப்பு இல்லை, ஆனால் சோடியம் உண்டு, நிறையவே. ஒரு டீஸ்பூன் சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. பவுடரில் அதே அளவுக்கு இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பவுடரை மூன்று நான்கு மடங்கு போடுகிறோம் என்பதால் கேக்குக்குள் போய்ச் சேரும் சோடியம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, அல்லது பவுடரில் சற்றுக் கூடுதல். ரெசிபியில் தனியாகப் போடச் சொல்லும் உப்பை விட்டுவிட்டால் கொஞ்சம் குறையும். மருத்துவர் கண்டிப்பாக அளவு சொல்லியிருந்தால் கேக்கைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்கிட்டு அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.